பன்னிரண்டாம் ஃப்ரெட்டைத் தாண்டினால் ஏறும் சுருதி

தேவாலயப் பாடகர் குழு ஒன்றில் கிட்டார் வாசிக்கும் கல்லூரி மாணவன் ஒருவனை நினைத்துக்கொள்வோம். அவன் கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்து எலக்ட்ரிக் கிட்டார். பயிற்சிக்கு முன் டியூனரை மாட்டி ஆறு கம்பிகளையும் சுருதி சேர்க்கிறான். ஜி, சி, டி என்று கழுத்தின் தொடக்கத்தில் பிடிக்கும் கார்டுகள் எல்லாம் கீபோர்டோடு ஒட்டிப் போகின்றன. இடையில் வரும் தனி வாசிப்புக்காகக் கை பதினான்காம் ஃப்ரெட்டுக்கு ஏறுகிறது. உடனே கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். ஸ்வரம் மேலே நிற்கிறது. மறுபடி டியூனரை வைத்துப் பார்த்தால், திறந்த கம்பிகள் ஆறும் சரியாகவே இருக்கின்றன.

இந்தப் பையன் வாசிப்பில் பிழை செய்யவில்லை, டியூனரும் பொய் சொல்லவில்லை. டியூனர் பார்த்தது, விரல் படாத திறந்த கம்பியை மட்டும். விரல் வைத்து அழுத்திய பிறகு கம்பி என்ன சுருதியில் ஒலிக்கும் என்பதை வேறு இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, ஃப்ரெட்டுகளுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பது. கிட்டார்க்காரர்கள் இதை ஆக்‌ஷன் என்பார்கள். மற்றொன்று, கம்பி உட்கார்ந்திருக்கும் சாடில் கழுத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இதைச் சரிசெய்வதற்குப் பெயர் இன்டொனேஷன். முதல் அளவை மாற்றினால் இரண்டாவதும் மாறிவிடும். அதனால் எதை முதலில் தொடுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

கம்பியை அழுத்தினால் அது நீள்கிறது. நீண்டால் இறுகுகிறது, இறுகினால் சுருதி ஏறுகிறது. வீணையில் மெட்டுகளுக்கு நடுவே கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பதும் இதே வித்தைதான். அங்கே வேண்டுமென்று செய்வது, இங்கே ஒவ்வொரு முறை ஃப்ரெட்டில் விரல் வைக்கும்போதும் வேண்டாமலே கொஞ்சம் நடக்கிறது. கம்பி ஃப்ரெட்டுக்கு மிக அருகில் ஓடினால் இந்த நீட்சி அற்பம். உயரம் கூடினால் நீட்சி அதே விகிதத்தில் கூடுவதில்லை. உயரம் இரட்டிப்பானால் நீட்சி நான்கு மடங்காகிறது. ஒரு மில்லிமீட்டர் இறக்கினாலே காதுக்கு வித்தியாசம் தெரிவது அதனால்தான்.

இந்தச் சிக்கல் கிட்டாருக்கு முந்தியது. கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி லூட் என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்தவர். 1581இல் வெளியான தம் நூலில் ஃப்ரெட் கட்ட அவர் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். மீதமுள்ள கம்பி நீளத்தைப் பதினெட்டால் வகுத்து, ஒரு பங்கு தள்ளி அடுத்த ஃப்ரெட்டைக் கட்ட வேண்டும். கணிதப்படி பார்த்தால் இது துல்லியமில்லை. இப்படியே பன்னிரண்டு ஃப்ரெட் கட்டினால், கடைசி ஃப்ரெட் கம்பியின் சரிபாதியை எட்டாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். ஆனால் விரல் அழுத்தும்போது சுருதி சற்று ஏறுவதால், அந்தக் குறையில் ஒரு பகுதி தானே ஈடாகிவிடும்.

இன்றைய கிட்டாரில் பதினெட்டுக்குப் பதில் 17.817 என்ற எண்ணால் வகுக்கிறார்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட் கணக்குப்படியான நீளத்தின் சரிபாதியில் வந்து விழுகிறது. அழுத்துவதால் ஏறும் சுருதிக்கு ஃப்ரெட்டுகளில் இடம் விடவில்லை. அந்த ஈட்டை மறுமுனையில், சாடிலில் கொடுக்கிறார்கள். சாடிலைக் கணக்குப்படியான இடத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, கம்பியைச் சற்று நீளமாக்குகிறார்கள். வீணையில் மேளம் கட்டுபவர் மெழுகை இளக்கி ஒவ்வொரு மெட்டாக நகர்த்திச் சுருதி பார்ப்பார். கிட்டாரில் ஃப்ரெட் மரத்தில் அறையப்பட்டுவிட்டதால் நகர்த்த மிஞ்சியிருப்பது சாடில் மட்டும்.

ஆறு கம்பிக்கும் ஒரே ஈடு போதாது. 1950களின் தொடக்கத்தில் வந்த ஃபெண்டர் டெலிகாஸ்டரில் மூன்று சாடில்கள்தான் இருந்தன. இரண்டு கம்பிகளுக்கு ஒரு சாடில் என்பதால், ஒரு கம்பிக்குச் சரியாக வைத்தால் பக்கத்துக் கம்பி பிசகும். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஃபெண்டர் கம்பிக்கு ஒன்றாக ஆறு சாடில் வைத்தது. அதே ஆண்டு கிப்சனும் டியூன்-ஓ-மேட்டிக் என்ற ஆறு சாடில் பிரிட்ஜைத் தன் கிட்டாரில் கொண்டுவந்தது. நம் மாணவன் கையில் இருப்பது அந்த ஆறு சாடில் வகை. ஒவ்வொரு சாடிலிலும் உயரத்துக்கு இரண்டு குட்டித் திருகுகள், முன்னே பின்னே நகர்த்த ஒரு நீளத் திருகு.

திருகைத் தொடுவதற்கு முன் நோயை அடையாளம் காண வேண்டும். இங்கே சென்ட் என்ற அளவு தேவைப்படுகிறது. நிலம் அளக்கும் சென்ட் இல்லை இது. ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்த ஃப்ரெட்டுக்கும் உள்ள சுருதி இடைவெளியை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. டியூனரில் முள் நடுக்கோட்டிலிருந்து எத்தனை சென்ட் விலகியிருக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் பழைய கம்பிகளைக் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும். இதைத் தவிர்க்க வழியில்லை. வியர்வையும் அழுக்கும் ஏறிய கம்பி, ஃப்ரெட் பட்டுப்பட்டுத் தேய்ந்த கம்பி, தன் நீளம் முழுவதும் ஒரே எடையாக இருக்காது. அதை வைத்து எந்த இடத்தில் சாடிலை நிறுத்தினாலும் முள் ஒழுங்காக நிற்காது. மாணவன் வழக்கமாக மாட்டும் பத்து-நாற்பத்தாறு செட்டையே மாட்டுகிறான். அதாவது மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு தடிமன், தடித்த கம்பி நாற்பத்தாறு பங்கு. இழுத்து இழுத்து விட்டு, சுருதி இறங்காமல் நிலைக்கும்வரை டியூன் செய்கிறான்.

பிறகு சோதனை. ஆறாம் கம்பியைத் திறந்து சுருதி சேர்த்துவிட்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுகிறான். வழக்கமாக வாசிக்கும் அதே அழுத்தம், அதே மடியில் வைத்த நிலை. கிட்டாரை மேசையில் மல்லாத்தி வைத்து அளந்தால் கழுத்து லேசாக அசைந்து கணக்கு மாறும். டியூனர் 12 சென்ட் ஏற்றம் காட்டுகிறது. மூன்றாம் கம்பியில் 13. மெல்லிய முதல் கம்பியில் 4 மட்டும். ஒன்றிலிருந்து மூன்று வரையுள்ள ஃப்ரெட்டுகளில் பெரிய பிசகில்லை.

அந்தக் கடைசித் தகவல் முக்கியமானது. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தால், முதல் மூன்று ஃப்ரெட்டுகளில்தான் சுருதி அதிகமாக ஏறும். எஃப் கார்டு பிடித்தாலே கசக்கும், மேலே போகப் போகக் குறையும். சாடில் இடம் பிசகினால் இதற்கு நேர் எதிர். கழுத்தின் தொடக்கத்தில் தெரியாது, மேலே போகப் போகப் பெருகும். சாடில் கோளாறால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 8 சென்ட் ஏறியிருக்கும் கம்பி, ஐந்தாம் ஃப்ரெட்டில் ஏறத்தாழ 3 சென்ட்தான் ஏறும். பத்தொன்பதில் 16 ஆகிவிடும். மேலே போகப் போக ஒலிக்கும் கம்பி குட்டையாவதால், அதே ஒரு மில்லிமீட்டர் பிழை அதில் பெரிய பங்காகிறது. நம் மாணவனின் கிட்டார் இந்த இரண்டாம் வகை.

என்றாலும் சாடிலை இப்போதே நகர்த்தக் கூடாது. உயரத்தைப் பார்க்காமல் நீளத்தைச் சரிசெய்தால், நாளை உயரத்தை இறக்கியதும் செய்த வேலை அத்தனையும் வீணாகும்.

உயரத்திலும் ஒரு வரிசை உண்டு. கழுத்து எப்படி வளைந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, கடைசி ஃப்ரெட்டில் விரலால் அழுத்தினால் கம்பியே ஒரு நேர்கோடாகிவிடும். ஏழு எட்டாம் ஃப்ரெட்டுகளுக்கு மேல் அந்தக் கோட்டுக்கு அடியில் சுமார் கால் மில்லிமீட்டர் சந்து இருந்தால் போதும். ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு. சந்து அதிகமென்றால், கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடை கால் சுற்று இறுக்கி, டியூன் செய்து, மறுபடி அளக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து, வெயிலில் காய்ந்து மரம் மாறிக்கொண்டே இருப்பதால் இந்த அளவும் பருவத்துக்குப் பருவம் நகரும். டிரஸ் ராடு கழுத்தின் வளைவைச் சரிசெய்ய மட்டுமே. கம்பி உயரத்தை இறக்க அதை இறுக்குபவர்கள் கடைசியில் கழுத்தைப் பின்புறம் வளைத்து, முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி கிறீச்சிடும்படி செய்துவிடுகிறார்கள்.

மாணவனின் கிட்டாரில் வளைவு சரி. கம்பி உயரம்தான் சரியில்லை. பதினேழாம் ஃப்ரெட்டின் மேல்விளிம்பிலிருந்து ஆறாம் கம்பியின் அடிப்பக்கம் வரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் 2.6 மி.மீ. வருகிறது. இந்த வகை கிட்டார்களுக்கு ஃபெண்டர் தரும் தொடக்க அளவு அங்குலத்தில் அறுபத்து நான்கில் நான்கு பங்கு, அதாவது சுமார் 1.6 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் இறக்க வேண்டும். ஆனால் சாடிலை ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் பதினேழாம் ஃப்ரெட்டில் அதில் ஐந்தில் மூன்று பங்குதான் இறங்கும். நட் பக்கத்து முனை அசையாமல் நிற்பதே காரணம். ஆகவே சாடிலை 1.6 மி.மீ. இறக்க வேண்டும். திருகுகள் 3 மி.மீ. தடிமன் உள்ள சாதாரண மெட்ரிக் திருகுகள் என்றால் ஒரு முழுச் சுற்று அரை மில்லிமீட்டர். சாடிலுக்கு இரண்டு திருகையும் சமமாகச் சுமார் மூன்று சுற்று. விரல்பலகையின் முதுகு தட்டையல்ல, லேசாக வளைந்தது. அதனால் நடுக் கம்பிகளின் சாடில்கள் ஓரத்துச் சாடில்களைவிடச் சற்று உயர்ந்து, அதே வளைவில் நிற்க வேண்டும்.

எவ்வளவு இறக்கலாம் என்பதைக் காது சொல்லும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மீட்டிக்கொண்டு போகும்போது எங்கேனும் ஜிர்ரென்று அதிர்ந்தால் ஒரு கால் சுற்று ஏற்ற வேண்டும். கம்பியை இழுத்து வளைத்து வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு கம்பிகளில் இன்னும் கொஞ்சம் உயரம் தேவைப்படும்.

இப்போது மறுபடி அளக்கிறான். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பி 12இலிருந்து 8க்கு வந்திருக்கிறது. மூன்றாம் கம்பி 13இலிருந்து 8. முதல் கம்பி 4இலிருந்து 2. சாடிலை ஒரு மயிரிழைகூடப் பின்னே நகர்த்தவில்லை, உயரம் குறைந்ததாலேயே இவ்வளவு.

முதல் கம்பி கொஞ்சமாகவும் மூன்றாம் கம்பி அதிகமாகவும் இறங்கியது ஏன்? எலக்ட்ரிக் கிட்டாரின் மூன்றாம் கம்பி பொதுவாகச் சுருள் சுற்றாத, வழவழப்பான எஃகுக் கம்பி. இந்தச் செட்டில் அது முதல் கம்பியைவிட மிகத் தடிமன், ஆனால் இரண்டின் இழுவிசையும் ஏறத்தாழ ஒன்றே. தடித்த எஃகை அதே அளவு நீட்டினால் இழுவிசை அதிகமாக எகிறும். சுருதியும் அதற்கேற்ப எகிறும். சுருள் சுற்றிய கம்பிகளில் இந்தக் கணக்குக்கு உள்ளே இருக்கும் எஃகு இழையின் தடிமன்தான் பெரிதும் பொருட்டு. சரியாக அமைத்த பிரிட்ஜைப் பார்த்தாலே இது தெரியும். ஆறிலிருந்து நான்கு வரை சாடில்கள் படிப்படியாக முன்னே வரும். மூன்றாம் கம்பியில் திடீரென்று பின்னுக்குத் தாவி, அங்கிருந்து முதல் கம்பி வரை மறுபடி படி இறங்கும். கிட்டாரைக் கையில் வாங்கிய கணத்தில் இந்த இரட்டைப் படிக்கட்டு தெரியவில்லை, ஆறு சாடில்களும் ஒரே கோட்டில் நிற்கின்றன என்றால், அதை யாரும் சரிசெய்ததே இல்லை என்று ஊகிக்கலாம்.

அடுத்த படியைப் பலர் மறந்துவிடுவார்கள். கம்பியை இறக்கியதால் அது பிக்கப்புக்கு நெருங்கி வந்திருக்கிறது. ஸ்ட்ராட் வகை பிக்கப்பில் கம்பிக்கு ஒன்றாக ஆறு காந்தத் தண்டுகள் இருக்கின்றன. அவை மிக அருகில் இருந்தால் அதிரும் கம்பியைப் பிடித்து இழுக்கும். தடித்த கம்பியின் உயர்ந்த ஃப்ரெட்டுகளில் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்தாற்போல் அலையடித்து ஒலிக்கும், டியூனர் முள்ளும் நிலையில்லாமல் ஆடும். இந்த நிலையில் எந்தச் சாடில் இடமும் சரியாகத் தெரியாது. ஆறாம் கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால் கம்பிக்கும் காந்தத் தண்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி இருக்கும்படி பிக்கப்பின் பக்கத்துத் திருகுகளால் இறக்க வேண்டும். முள் ஆட்டம் நின்ற பிறகே அடுத்த வேலை.

இனிச் சாடில். சாடில் ஒரு மில்லிமீட்டர் பின்னே போனால், 648 மி.மீ. நீளமுள்ள இந்தக் கிட்டாரில், திறந்த கம்பியை மறுபடி சுருதி சேர்த்த பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட் ஸ்வரம் சுமார் 2.7 சென்ட் இறங்கும். ஆறாம் கம்பியின் 8 சென்ட்டுக்கு 3 மி.மீ., திருகில் ஆறு சுற்று. திசை குழம்பத் தேவையில்லை. சுருதி ஏறியிருந்தால் சாடில் கழுத்தை விட்டு விலக வேண்டும், இறங்கியிருந்தால் கழுத்தை நெருங்க வேண்டும். ஸ்ட்ராட் பிரிட்ஜில் திருகின் தலை பின்பக்கம் இருப்பதால் வலப்புறம் திருகினால் சாடில் பின்னே வரும்.

மாணவன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டுதான் திருகுகிறான். இறுகிய கம்பிக்கு அடியில் சாடிலை இழுத்தால் கம்பியும் அறுபடலாம், திருகின் தலையும் மழுங்கும். நான்கு சுற்று கொடுத்து, மறுபடி இறுக்கி, திறந்த கம்பியைச் சுருதி சேர்த்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் மீட்டுகிறான். 3 சென்ட் ஏற்றம். இன்னும் இரண்டு சுற்று. முள் நடுக்கோட்டில் நிற்கிறது. இந்தப் பிரிட்ஜ் பின்னால் ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் ஒரு கம்பியைத் தளர்த்தினால் மற்ற ஐந்தும் அசையும். ஒவ்வொரு முறையும் ஆறையும் சரிபார்த்துவிட்டே அடுத்த கம்பிக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆறு கம்பிக்கும் இப்படிச் செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கலாம்.

பலர் ஃப்ரெட் ஸ்வரத்தைப் பன்னிரண்டாம் ஃப்ரெட் ஹார்மோனிக்கோடு ஒப்பிடுவார்கள். அங்கே கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு மீட்டினால் எழும் மணியொலி அது. அதுவும் சரியான வழியே. கடைசியில் பத்தொன்பதாம் ஃப்ரெட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டில் கண்ணுக்குத் தப்பிய இரண்டு சென்ட், அங்கே நான்காகக் காட்டிக்கொடுத்துவிடும்.

சாடில் பின்னே போக இடமில்லாமல் ஸ்பிரிங் முழுதும் நெருங்கிய பிறகும் சுருதி ஏறியே இருந்தால்? பெரும்பாலும் அது ஆறாம் கம்பியில் நடக்கும். அந்த ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிப் போட்டால் ஓரிரு மில்லிமீட்டர் கிடைக்கும். அதற்கும் மேல் தேவையென்றால் வேறெங்கோ கோளாறு. ஃப்ரெட்டுகளின் தலை தேய்ந்து தட்டையாகியிருக்கலாம், கம்பி அவற்றின் உச்சியில் படாமல் விளிம்பில் படும். ஃப்ரெட்டுகள் மிக உயரமாக இருந்து, கை அழுத்தம் அதிகமென்றால், கம்பி ஃப்ரெட்டுகளுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கிச் சுருதி ஏறும். இதற்கு மருந்து திருகில் இல்லை, மெல்ல அழுத்துவதில் இருக்கிறது. இரண்டு வித அழுத்தத்தில் ஒரே ஸ்வரத்தை மீட்டி டியூனரைப் பார்த்தால் விளங்கிவிடும்.

அகூஸ்டிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே சாடில் என்பது பிரிட்ஜின் பள்ளத்தில் செருகிய ஒரு எலும்பு அல்லது பிளாஸ்டிக் பட்டை. உயரம் குறைக்க அதைக் கழற்றி அடிப்பக்கத்தைச் சமதளமான உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க, பட்டையில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, பாதியில் நிறுத்தி, மாட்டிப் பார்ப்பது வழக்கம். நீளத்தை மாற்ற அந்தப் பட்டையின் மேல்விளிம்பு அகலம்தான் எல்லை. இரண்டாம் கம்பிக்கு மட்டும் அதைப் பின்பக்கமாகச் செதுக்கிய பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. அகூஸ்டிக்கில் மூன்றாம் கம்பி சுருள் சுற்றியது, வழவழப்பான தடித்த கம்பி இரண்டாவதுதான். படிக்கட்டின் தாவல் அங்கே ஒரு கம்பி தள்ளி வருகிறது.

அடுத்த பயிற்சியில் மாணவனின் கை பதினான்காம் ஃப்ரெட்டுக்கு ஏறுகிறது. கீபோர்டுக்காரர் தலை நிமிரவில்லை. ஆனால் வீட்டில் தனியே ஈ மேஜர் கார்டைப் பிடித்து உற்றுக் கேட்கும் மாணவனுக்கு, மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட் ஸ்வரம் இன்னமும் கொஞ்சம் கூர்மையாகப் படுகிறது. அது உண்மைதான். ஆக்டேவைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிய எந்த வாத்தியத்திலும், மேஜர் கார்டின் நடு ஸ்வரம் இயற்கையான இசைவைவிட சுமார் 14 சென்ட் மேலே நிற்கும். பக்கத்தில் இருக்கும் கீபோர்டிலும் அதே 14தான். அந்தக் கார்டு இனிக்கும்வரை மூன்றாம் கம்பியைக் காதால் இறக்கிவிட்டால், அடுத்து வரும் ஜி கார்டில் அதே கம்பி திறந்து ஒலிக்கும்போது சுருதி தாழ்ந்திருக்கும்.